மணப்பெண் சிகை அலங்காரக் கலைஞர் பணி: செய்முறைத் தேர்வுத் தாள்

இந்தத் தாளை வரும் முன் ஒருமுறை முழுதாகப் படித்துவிடுங்கள். உங்களுக்கு அனுபவம் இருக்கிறது என்பது விண்ணப்பத்திலேயே தெரிகிறது, புகைப்படங்களும் நன்றாக இருக்கின்றன. ஆனால் புகைப்படம் ஒரு நொடிக்கு உரியது. மணப்பெண் தலையில் அந்த அலங்காரம் நாள் முழுக்க நிற்க வேண்டும், அவருக்கு வலிக்கவும் கூடாது. நாங்கள் பார்க்கப்போவது அதைத்தான்.

சனிக்கிழமை காலை 8.30க்கு வந்து உங்கள் மேசையை அடுக்கிக்கொள்ளுங்கள். தேர்வு 9 மணிக்குத் தொடங்கி 12.05க்கு முடியும். சீப்பு, பிரஷ், கர்லிங் அயர்ன், பின்கள் எல்லாம் உங்களுடையவையாக இருக்கட்டும், கை பழகிய கருவியில்தான் வேலை தெரியும். ஸ்ப்ரே, மூஸ், எக்ஸ்டென்ஷன், தலையில் வைக்கும் நகை ஆகியவற்றை நாங்கள் தருகிறோம். அன்றைய நேரத்துக்கு ஊதியம் உண்டு.

முதல் 15 நிமிடம்: பேச்சு (15 மதிப்பெண்)

உங்கள் மாடலுக்குத் தோளுக்குக் கீழே வரும் மெல்லிய முடி, கலரிங் செய்தது. முந்தைய நாள் தலைக்குக் குளித்திருப்பார். அவரிடம் ஒரு படம் இருக்கும். அதில் உள்ளது அடர்த்தியான முடி. அதே மாதிரி வேண்டும் என்பார். முடியாது என்று சொல்லி நிறுத்திவிட்டாலும் சரி, ஆகட்டும் என்று தலையாட்டினாலும் சரி, மதிப்பெண் குறையும். எதைச் செய்ய முடியும், எங்கே எக்ஸ்டென்ஷன் தேவைப்படும் என்று அவருக்குப் புரியும்படி சொல்லுங்கள். ஆடையின் கழுத்து அமைப்பு, நகையின் எடை, ஒவ்வாமை, வழக்கமாகத் தலைவலி வருமா என்பதையெல்லாம் கேட்காமல் சீப்பை எடுக்க வேண்டாம். உச்சந்தலையையும் பாருங்கள்.

அடுத்த 75 நிமிடம்: முதன்மை அலங்காரம் (45 மதிப்பெண்)

தாழ்ந்த கொண்டை, முன்பக்கம் மென்மையான அலை, கொண்டைக்கு மேல் ஒரு கனமான நகை. இதில் 20 மதிப்பெண் அடித்தளத்துக்கு, 25 வடிவத்துக்கு.

அடித்தளம்தான் எங்கள் கண்ணில் பெரிது. சூடு வைப்பதற்கு முன் பாதுகாப்பு ஸ்ப்ரே போட்டீர்களா, இந்த முடிக்கு அயர்னை எத்தனை டிகிரியில் வைத்தீர்கள், ஏன் என்று கேட்போம். கலரிங் செய்த மெல்லிய முடியில் 200 டிகிரிக்கு எங்களிடம் நியாயம் சொல்ல முடியாது. சுருட்டிய முடியைக் கிளிப் போட்டு ஆறவிடுகிறீர்களா என்று பார்ப்போம், ஏனென்றால் ஆறும்போதுதான் சுருள் பிடிக்கும். அவசரத்தில் சூட்டோடு பிரஷ் போட்டால் மதியத்துக்குள் தொங்கிவிடும். பேக்கோம்பிங் வேர்ப்பகுதியில், சின்னச் சின்ன செக்‌ஷனாக இருக்க வேண்டும். நகையின் எடையைத் தாங்க உள்ளே ஒரு சிறு பின்னலோ குறுக்காகப் போட்ட பின்களோ வேண்டும், ஸ்ப்ரேயை நம்பி நிறுத்தக்கூடாது.

நெற்றி ஓரத்தை இறுக்கி இழுக்காதீர்கள். அந்த மெல்லிய முடியைத் தொடர்ந்து இழுத்தால் வேரே பாதிக்கப்படும். மாடல் ஒருமுறை வலிக்கிறது என்று சொன்னால் அந்த இடத்தை அவிழ்த்துத் திரும்பச் செய்வதற்கு நேரம் தருவோம்.

பாதி வேலையில் எங்கள் ஊழியர் ஒருவர் மணப்பெண்ணின் அக்காவாக வந்து, "முன்னாடி முடியை எல்லாம் தூக்கிடுங்க, முகம் தெரியல" என்பார். யாருடைய விருப்பம் கடைசிச் சொல் என்று நீங்கள் எப்படித் தீர்க்கிறீர்கள், கை நிற்காமல் பேசுகிறீர்களா என்பதைக் கவனிப்போம்.

ஒரு மணி நேரம்: நிற்கிறதா? (20 மதிப்பெண்)

இப்போது உங்களுக்கு ஓய்வு, மாடலுக்கு வேலை. படி ஏறி இறங்குவார், குனிவார், பலரைக் கட்டிப்பிடிப்பார், சிரித்துத் தலையை ஆட்டுவார். 11.30க்கு மறுபடி பார்ப்போம். எத்தனை பின் வெளியே வந்தது, நகை சாய்ந்ததா, எங்கேயாவது குத்துகிறதா என்று அவரே சொல்வார். அவர் சொல்லும்போது குறுக்கே பேச வேண்டாம்.

இரண்டாம் தோற்றம், பிறகு அவிழ்த்தல் (20 மதிப்பெண்)

20 நிமிடத்தில், முடியை அலசாமல், அதே அலங்காரத்தை மாலை வரவேற்புக்கு ஏற்ற பாதி அவிழ்த்த தோற்றமாக மாற்றுங்கள். பிறகு 15 நிமிடத்தில் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். சிக்கை நுனியிலிருந்து மேலாக எடுக்க வேண்டும். போட்ட பின்களை எண்ணித் திரும்பப் பெறுவது நல்ல பழக்கம், அதற்கு மதிப்பெண் உண்டு.

தேர்ச்சிக்கு 70 வேண்டும். ஆனால் தோலில் சூடு பட்டாலோ, தரையில் விழுந்த சீப்பைச் சுத்தம் செய்யாமல் பயன்படுத்தினாலோ அங்கேயே தேர்வை நிறுத்துவோம், மற்ற மதிப்பெண் எவ்வளவு இருந்தாலும்.

மாடலின் கருத்தும் எங்கள் குறிப்புகளும் சேர்ந்து செவ்வாய்க்கிழமைக்குள் உங்களுக்கு வரும், தேர்வானாலும் ஆகாவிட்டாலும். படம் எடுக்க வேண்டுமென்றால் மாடலிடம் முன்பே அனுமதி கேளுங்கள்.