சுங்கச்சாவடியில் எத்தனை கவுண்டர் திறக்க வேண்டும்?

கணக்கு: ஒரு சாவடிக்கு நிமிடத்துக்குச் சராசரியாக 10 வண்டிகள் வருகின்றன. ஒரு வண்டிக்கு ஆகும் நேரம் சராசரி 15 நொடி. 30 நொடிக்கு மேல் காத்திருக்கும் வண்டிகள் 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. வருகை பாய்சான் முறையிலும், சேவை நேரம் அடுக்குக்குறிப் பரவலிலும் அமைவதாகக் கொள்க. எத்தனை கவுண்டர் தேவை?

தீர்வு: நிமிடத்துக்கு வரும் வண்டிகள் λ = 10, ஒரு கவுண்டர் நிமிடத்துக்கு அனுப்பும் வண்டிகள் μ = 4, ஆகவே சுமை a = λ/μ = 2.5. இரண்டு கவுண்டர் போதாது, வரிசை வளர்ந்துகொண்டே போகும். மூன்றிலிருந்துதான் கணக்கே தொடங்குகிறது. டென்மார்க்கின் தொலைபேசிப் பொறியாளர் எர்லாங் 1917-இல் வெளியிட்ட சூத்திரம் இங்கே அப்படியே பொருந்தும். காரணியப் பெருக்கங்களோடு மல்லுக்கட்டாமல், படிப்படியாக ஏறும் வடிவத்தில் போடுவதே எளிது:

```
B(0) = 1
B(n) = a*B(n-1) / (n + a*B(n-1))
C = c*B(c) / (c - a*(1 - B(c)))
P(W > t) = C * exp(-(c*μ - λ)*t)
```

a = 2.5 எனில் B(1) = 0.7143, B(2) = 0.4717, B(3) = 0.2822, B(4) = 0.1499. C என்பது வரும் வண்டி காத்திருக்க நேரும் நிகழ்தகவு. B அதற்கான இடைக்கணக்கு, c கவுண்டர்களின் எண்ணிக்கை, W காத்திருக்கும் நேரம், t = 0.5 நிமிடம்.

மூன்று கவுண்டர்: C = 0.702, சராசரிக் காத்திருப்பு 21 நொடி, P(W > 30 நொடி) = 0.702 × e⁻¹ = 0.258. நான்கில் ஒரு வண்டி வரம்பை மீறுகிறது.

நான்கு கவுண்டர்: C = 0.320, சராசரி 3.2 நொடி, P = 0.320 × e⁻³ = 0.016. நிபந்தனை நிறைவேறுகிறது.

ஐந்தாவதைத் திறந்தால் C 0.130 ஆகும், ஆனால் மிச்சமாவது சராசரியில் இரண்டரை நொடிக்கும் குறைவு. ஓர் ஆளை உட்கார வைக்க அது காரணமாகாது. விடை: 4.

இந்த 4 எவ்வளவு நிலையானது? சில்லறை தேடுவதில் 15 நொடி 18 ஆனாலே a = 3, C = 0.509, மீறல் 9.6 சதவீதம். மூன்று நொடி பிசகினால் விடை மாறிவிடுகிறது. எனவே சேவை நேரத்தை ரசீது கொடுக்கும் நொடியோடு நிறுத்தி அளக்கக் கூடாது. முன்வண்டி நகர்ந்து பின்வண்டி ஜன்னலுக்கு வந்து நிற்கும் வரை அது ஓடுகிறது. நெரிசல் நேரத்தில் 14 வண்டி வந்தால் நான்கு கவுண்டரில் மீறல் 27 சதவீதம், ஐந்தில் 1.9. அப்போது ஐந்தாவதைத் திறந்தே ஆக வேண்டும்.

வருகையை எண்ணும் இடத்திலும் தவறு நேரும். வெளியேறும் வண்டிகளை எண்ணினால், மூன்று கவுண்டர் திறந்திருக்கையில் நீண்ட நேரச் சராசரி நிமிடத்துக்கு 12-ஐத் தாண்டவே தாண்டாது; உண்மையில் 14 வருவது தெரியாமலே போகும். வரிசையின் வாலுக்குப் பின்னால் நின்று எண்ணுங்கள்.

இன்னொன்று: சூத்திரம் ஒரே பொது வரிசையைக் கருதுகிறது. லேனுக்குள் நுழைந்த வண்டி பக்கத்து லேன் காலியானாலும் தாவ முடியாது. வண்டிகள் கண்மூடித்தனமாக நான்காகப் பிரிந்தால் மீறல் 29.5 சதவீதம் வரை போகும். ஓட்டுநர்கள் குட்டையான வரிசையைத் தேடிப் போவதால் நடப்பு 1.6-க்கும் 29.5-க்கும் இடையில் விழும். லேன் பிரியும் இடத்தில் காலியான கவுண்டரைக் காட்டும் விளக்கு இருந்தால் 1.6-ஐ நெருங்கும், இல்லையெனில் நான்கோடு நிறுத்தும் முன் ஒரு மணி நேரம் நேரில் அளந்து பார்த்துவிடுங்கள்.