ஆந்த்ரோமெடா நம்மை நோக்கி வருகிறதே, பிறகு எப்படி அண்டம் விரிகிறது?

போன சனிக்கிழமை மொட்டை மாடியில் தொலைநோக்கி வழியாக ஆந்த்ரோமெடாவைப் பார்த்துவிட்டு நீ கேட்ட கேள்வியை அப்படியே எழுதி வைத்துக்கொண்டேன். “எல்லா கேலக்ஸியும் நம்மை விட்டு விலகி ஓடுதுன்னு சொல்றாங்க. அப்போ நாமதான் நடுவில் இருக்கோமா சார்? பெருவெடிப்பு நடந்ததை யாரும் பார்க்கலையே, எப்படி நம்புறது?” பின்னால் பத்துப் பேர் வரிசையில் நின்றதால் இரண்டு வரியில் ஏதோ சொல்லி அனுப்பிவிட்டேன். பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியல் படிக்கிற உனக்கு அது போதாது. இதோ முழு பதில்.

முதலில் ஒரு திருத்தம். எல்லா கேலக்ஸியும் விலகவில்லை. அன்று நீ பார்த்த அந்தப் புகை போன்ற வெளிச்சம், சுமார் 25 லட்சம் ஒளியாண்டு தூரத்தில் இருக்கும் ஆந்த்ரோமெடா, நொடிக்குச் சுமார் 300 கி.மீ. வேகத்தில் நம் பக்கம் வந்துகொண்டிருக்கிறது. 1912-இல் அமெரிக்காவின் அரிசோனாவில் உள்ள லோவெல் வானாய்வகத்தில் வெஸ்டோ ஸ்லைஃபர் இதை அளந்தார். அவர் அதோடு விடவில்லை. ஒவ்வொரு கேலக்ஸியின் ஒளியையும் இரவு இரவாகப் புகைப்படத் தட்டில் சேகரித்து, 1917-க்குள் 25 கேலக்ஸிகளை அளந்து முடித்தார். அவற்றில் 21 விலகிக்கொண்டிருந்தன. பக்கத்தில் இருப்பவை ஈர்ப்பினால் ஒன்றையொன்று இழுத்துக்கொள்ளும். தூரத்தில் இருப்பவைதான் விரிவைக் காட்டும். ஆந்த்ரோமெடா நமக்குப் பக்கத்து வீடு.

சரி, ஒளியை வைத்து வேகத்தை எப்படிச் சொல்கிறார்கள்? ஹைட்ரஜன் எங்கே இருந்தாலும் அதன் கோடுகள் அதே அலைநீளத்தில்தான் வரும். சிவப்புக் கோடு 656.3 நானோமீட்டர், நீலப்பச்சைக் கோடு 486.1. இது ஹைட்ரஜனின் கைரேகை. 1963-இல் மார்ட்டன் ஷ்மிட் என்ற வானியலாளர் 3C 273 என்ற பொருளின் நிறமாலையை வைத்துக்கொண்டு திண்டாடினார். கோடுகள் இருந்தன, ஆனால் எந்தத் தனிமத்துக்கும் பொருந்தவில்லை. பிறகுதான் அவருக்குப் பொறி தட்டியது: அவை நமக்குத் தெரிந்த ஹைட்ரஜன் கோடுகளேதான், எல்லாம் ஒரே விகிதத்தில் சிவப்புப் பக்கம் தள்ளிப் போயிருக்கின்றன. நீயே கணக்குப் போட்டுப் பார்:

486.1 × 1.158 ≈ 563
656.3 × 1.158 ≈ 760

இரண்டு கோட்டுக்கும் ஒரே பெருக்கு எண். அதில் ஒன்றைக் கழித்தால் வரும் 0.158-தான் அதன் செம்பெயர்ச்சி, z. ஒரு கோடு மட்டும் நகர்ந்திருந்தால் வேறு காரணம் தேடலாம். மொத்தக் கைரேகையும் ஒரே விகிதத்தில் நீண்டிருக்கும்போது அந்த வழி அடைபட்டுப் போகிறது.

பாடத்தில் டாப்ளர் விளைவு படித்திருப்பாய்: ரயில் தாண்டிப் போகும்போது ஹாரன் சத்தம் தணிவது. தொடக்கத்தில் புரிந்துகொள்ள அது உதவும். ஆனால் தூரத்துக் கேலக்ஸிகளுக்கு அது சரியான படம் இல்லை. கேலக்ஸி விண்வெளிக்குள் பறந்து போகவில்லை. நமக்கும் அதற்கும் இடையில் உள்ள வெளியே பெருகுகிறது. அந்த வெளியைக் கடந்து வரும் ஒளியின் அலையும் வழியிலேயே நீள்கிறது. z 1 என்றால், ஒளி கிளம்பியதிலிருந்து இன்று வரை வெளி இரண்டு மடங்காகியிருக்கிறது என்று அர்த்தம்.

உன் ‘நடுவில் இருக்கோமா’ கேள்விக்கு இங்கேயே விடை இருக்கிறது. தையல் கடையில் எலாஸ்டிக் நாடா ஒரு முழம் வாங்கு. பேனாவால் ஒரு சென்டிமீட்டருக்கு ஒரு புள்ளி வை. இருவர் இரண்டு முனையைப் பிடித்து, நீளம் இரட்டிப்பாகும் வரை இழுங்கள். ஏதாவது ஒரு புள்ளியை உன் வீடு என்று வைத்துக்கொள். அடுத்த புள்ளி 1 செ.மீ. தள்ளிப் போயிருக்கும், மூன்றாவது புள்ளி 3 செ.மீ. போயிருக்கும். தூரம் மூன்று மடங்கு, விலகலும் மூன்று மடங்கு. இப்போது வீட்டை மாற்றி வேறொரு புள்ளியில் உட்கார்ந்து பார். அதே கணக்கு, அதே காட்சி. நாடாவுக்கு முனை உண்டு, அண்டத்துக்கு அப்படி ஒரு முனை நமக்குத் தெரிந்தவரை இல்லை. ஆகவே நடுவும் இல்லை. பெருவெடிப்பு என்பது எங்கோ ஓரிடத்தில் வெடித்த வெடி அல்ல. எல்லா இடத்திலும் நடந்தது, நீ உட்கார்ந்திருக்கும் இடம் உட்பட. அந்தப் பெயரே பலரைக் குழப்புகிறது. அதை வைத்தவர் ஃபிரெட் ஹாயில், 1949-இல் ஒரு பிபிசி வானொலிப் பேச்சில். அவர் அந்தக் கொள்கையை ஏற்காதவர்.

தூரத்தையும் வேகத்தையும் ஜோடி சேர்த்தவர்கள் ஜார்ஜ் லெமெத்ரும் எட்வின் ஹபிளும். லெமெத்ர் பெல்ஜியத்துப் பாதிரியார், 1927-இலேயே விரியும் அண்டத்தை எழுதிவிட்டார். ஹபிள் 1929-இல் அளவீடுகளை வெளியிட்டார். தூரத்தை அளக்க அவருக்குக் கைகொடுத்தது ஹென்ரியட்டா லீவிட் கண்டறிந்த விதி: செஃபீட் விண்மீன்கள் எவ்வளவு மெதுவாகத் துடிக்கின்றனவோ அவ்வளவு பிரகாசமானவை. லீவிட்டுக்கு இன்னும் பெரிய இடம் கொடுத்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம். அளவுகோல் அவருடையது.

v = H₀ × d

H₀ இன்று ஏறக்குறைய 70. அதாவது ஒவ்வொரு மெகாபார்செக்குக்கும் (32.6 லட்சம் ஒளியாண்டு) நொடிக்கு 70 கி.மீ. கூடுகிறது. இதைத் திருப்பிப் போடு: ஒரு மெகாபார்செக் என்பது 3.086 × 10¹⁹ கி.மீ. அதை 70-ஆல் வகுத்தால் 4.4 × 10¹⁷ நொடி, சுமார் 1,400 கோடி ஆண்டு. வேகம் எப்போதும் ஒன்றாக இருந்திருந்தால் எல்லாம் நெருங்கி இருந்த காலம் அது. வேகம் மாறியதைச் சேர்த்துத் துல்லியமாகக் கணக்கிட்டால் 1,380 கோடி. ஹபிளுக்குக் கிடைத்த H₀ சுமார் 500. அதன்படி அண்டத்துக்கு வயது 200 கோடி ஆண்டுதான், பூமியைவிடக் குறைவு! தாய்க்கு முன்னால் பிள்ளை பிறந்த கதை. செஃபீட்களில் இரண்டு வகை கலந்திருப்பதை வால்டர் பாடே பிரித்துக் காட்டிய பிறகுதான் தூரங்கள் இரட்டிப்பாகி அந்தச் சிக்கல் அவிழத் தொடங்கியது.

இப்போது உன் இரண்டாவது கேள்வி. செம்பெயர்ச்சி விரிவைக் காட்டுகிறது. அது மட்டுமே பெருவெடிப்புக்குச் சாட்சி ஆகாது. ‘ஒளி நெடுந்தூரம் வந்து களைத்துப்போய் சிவந்திருக்கலாமே’ என்று கேட்டவர்கள் உண்டு. அதற்கு வெடிக்கும் விண்மீன்களான சூப்பர்நோவாக்கள் பதில் சொல்லிவிட்டன. பக்கத்துச் சூப்பர்நோவாவில் 20 நாளில் நடக்கும் ஒளி மாற்றம், z 0.5 உள்ள இடத்தில் நடந்தால் நமக்கு 30 நாளாகத் தெரிகிறது. ஒளி களைத்தால் நிறம் மாறலாம், நாட்கள் நீளாது. விரிந்தால்தான் இரண்டும் நடக்கும். சரி, விரிகிறது. ஆனால் விரிந்துகொண்டே புதுப் பொருளும் உருவாகி, அண்டம் என்றும் இப்படியே இருக்கலாமே? ஹாயில் அதைத்தான் சொன்னார். அதை உடைத்தது வெப்பம்.

பழைய அண்டம் நெருக்கமானது என்றால் சூடானதும்கூட. அந்தச் சூட்டின் மிச்சம் இன்றும் 5 கெல்வின் அளவில் இருக்கும் என்று 1948-இல் ஆல்ஃபரும் ஹெர்மனும் எழுதினார்கள், யாரும் தேடவில்லை. 1964-இல் நியூஜெர்சியின் ஹோம்டெலில், பெல் ஆய்வகத்தின் பெரிய கொம்பு வடிவ ஆண்டெனாவில் பென்சியாஸும் வில்சனும் ஒரு இரைச்சலை விரட்ட முடியாமல் தவித்தார்கள். எந்தப் பக்கம் திருப்பினாலும் அதே அளவு, பகலும் இரவும் அதே அளவு. உள்ளே புறாக்கள் கூடு கட்டியிருந்தன. அவற்றைப் பிடித்து அப்புறப்படுத்தி, எச்சத்தைத் துடைத்து எடுத்தார்கள். இரைச்சல் போகவில்லை. அது புறாவின் வேலை அல்ல, அண்டம் 3,80,000 ஆண்டு வயதில் விட்ட ஒளி. பின்புலக் கதிர்வீச்சு என்பது இதைத்தான். அப்போது சுமார் 3,000 கெல்வின்; அதற்குப் பிறகு வெளி 1,100 மடங்கு நீண்டதால் நுண்ணலையாகி, இன்று 2.725 கெல்வின். உன் விரல் நுனி அளவு இடத்தில், ஒரு கன சென்டிமீட்டரில், இந்த நொடியில் அந்த ஃபோட்டான்கள் 400-க்கு மேல் இருக்கின்றன. ‘யாரும் பார்க்கலையே’ என்றாய். பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். 1990-இல் கோபி செயற்கைக்கோள் அந்த ஒளியை அளந்து தந்த வளைவரையைத் திரையில் காட்டியபோது, அளந்த புள்ளிகள் சூடான கரும்பொருளுக்கான கோட்டின் மேல் அச்சு அசலாக உட்கார்ந்திருந்தன. அரங்கில் இருந்த வானியலாளர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

எனக்கு மிகப் பிடித்த சான்று இன்னொன்று. அண்டம் குளிர்ந்துகொண்டே வருகிறது என்றால், பழைய காலத்தில் வெப்பமானி வைத்தால் அதிகம் காட்ட வேண்டும். 2000-இல் புனேயில் உள்ள ஐயூகா என்ற வானியல் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த ஸ்ரீஆனந்தும், பெட்டிஜீன், லெடூ என்ற இருவரும் அதைச் செய்தார்கள். z 2.34-இல் உள்ள ஒரு வாயு மேகத்தில் கார்பன் அணுக்கள் எவ்வளவு கிளர்ந்திருக்கின்றன என்பதே வெப்பமானி. கொள்கை சொல்வது 2.725 × 3.34, அதாவது 9.1 கெல்வின். அவர்கள் அளந்தது 6-க்கும் 14-க்கும் நடுவில். ஐயூகாவை நிறுவி நடத்திய ஜெயந்த் நார்லிகர், ஹாயிலின் மாணவர். பெருவெடிப்பை நெடுங்காலம் கேள்வி கேட்டவர். அவர் கட்டிய நிறுவனத்திலிருந்தே இந்த அளவு வந்தது. அறிவியல் நடக்க வேண்டிய விதம் இதுதான் என்று நான் நினைக்கிறேன்.

மூன்றாவது சாட்சி ஹீலியம். முதல் சில நிமிடங்களில், 1 நியூட்ரானுக்கு 7 புரோட்டான் என்ற விகிதம் இருந்தது. 2 நியூட்ரான், 14 புரோட்டான் எடுத்துக்கொள். 2-உம் 2-உம் சேர்ந்து ஒரு ஹீலியம். 16-இல் 4, கால் பங்கு. விண்மீன்கள் அதிகம் சமைக்காத பழைய வாயுவை எங்கே அளந்தாலும் எடையில் ஏறக்குறைய கால் பங்கு ஹீலியம்தான் வருகிறது.

எல்லாம் தீர்ந்துவிடவில்லை. பின்புலக் கதிர்வீச்சை வைத்துக் கணக்கிட்டால் H₀ 67 பக்கம் வருகிறது. செஃபீட், சூப்பர்நோவா வழியில் 73 பக்கம். இந்த இடைவெளி ஏன் என்று இன்றும் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். அண்டம் சூடாக இருந்ததா என்பதில் அல்ல, எவ்வளவு வேகமாக விரிகிறது என்பதில்தான் சண்டை.

வரும் சனிக்கிழமை எலாஸ்டிக் நாடாவோடு வா. பள்ளி ஆய்வகத்திலிருந்து ஹைட்ரஜன் குழாயும் கீற்றணியும் கேட்டு வாங்கி வைத்திருக்கிறேன். 656.3-இல் அந்தச் சிவப்புக் கோட்டை முதலில் உன் கண்ணால் பார். அப்புறம் 3C 273-இன் நிறமாலையை அச்செடுத்துத் தருகிறேன், ஸ்கேல் வைத்து நீயே அளந்து z கண்டுபிடி.