கண்ணாடிப் பாளத்தின் ஒளிவிலகல் எண்: ஆய்வறிக்கை

ஈசூனில் உள்ள சமூக மன்ற அறையில், சனிக்கிழமை அறிவியல் வட்டத்தைச் சேர்ந்த நாங்கள் மூவர் இரண்டு வாரங்களாகச் செய்த ஆய்வு இது. மூவரும் உயர்நிலை நான்கில் படிக்கிறோம். பள்ளியில் ஆங்கிலத்தில் எழுதிப் பழகிய அறிக்கையை வட்டத்தின் வழக்கப்படி தமிழில் எழுதியிருக்கிறோம்.

முடிவு

பாளத்தின் ஒளிவிலகல் எண் 1.52 ± 0.02. இந்த ± 0.02 எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லத்தான் அறிக்கையின் பெரும்பகுதியைச் செலவிட்டிருக்கிறோம்.

பொருள்

செவ்வகப் பாளம், நீளம் 115 மி.மீ., அகலம் 65 மி.மீ., கனம் 20 மி.மீ. பார்வைக்கு அக்ரிலிக்கும் கண்ணாடியும் ஒன்றுபோல இருப்பதால், சமையலறைத் தராசில் முதலில் நிறுத்துப் பார்த்தோம். 372 கிராம் இருந்தது. கனசென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 2.5 கிராம் வருகிறது, அக்ரிலிக் 1.2 கிராம்தான் வரும். ஆகவே கண்ணாடி என்பதில் ஐயமில்லை.

செய்முறை

கார்க் பலகையின்மேல் தாளைப் பரப்பிப் பாளத்தை வைத்து, அதன் விளிம்பைக் கூரான பென்சிலால் வரைந்தோம். ஒரு நீள விளிம்பில் புள்ளியொன்றைக் குறித்து அங்கே குத்துக்கோடு வரைந்தோம். குத்துக்கோட்டுக்கு 20° முதல் 70° வரை, பத்துப் பத்தாக, படுகதிர்க் கோடுகளை வரைந்து, ஒவ்வொன்றிலும் இரண்டு குண்டூசிகளை நட்டோம். எதிர்ப்பக்கத்திலிருந்து பாளத்தின் வழியே பார்த்து, அந்த இரு ஊசிகளின் பிம்பங்களோடு ஒரே நேர்கோட்டில் அமையும்படி மேலும் இரண்டு ஊசிகளை நட்டோம். பாளத்தை எடுத்த பிறகு, கதிர் நுழைந்த புள்ளியையும் வெளியேறிய புள்ளியையும் இணைத்தால் கண்ணாடிக்குள் கதிர் சென்ற பாதை கிடைக்கும். அந்தப் பாதை குத்துக்கோட்டோடு ஆக்கும் கோணமே விலகுகோணம் r; படுகோணம் i-இன் சைனை r-இன் சைனால் வகுத்தால் ஒளிவிலகல் எண் கிடைக்கும். ஒவ்வொரு கோணத்துக்கும் தனித்தாள்.

ஊசிகளின் இடைவெளி முக்கியமானது. ஊசியின் அடி நிற்கும் இடத்தில் அரை மில்லிமீட்டர் தவறினால், 20 மி.மீ. இடைவெளியில் கோடு 1.4° திரும்பிவிடும்; 60 மி.மீ. இடைவெளியில் 0.5° மட்டுமே. முதல் நாள் 20 மி.மீ. வைத்து எடுத்த தாள்களை ஒதுக்கிவிட்டு, எல்லாவற்றையும் 60 மி.மீ. வைத்து மீண்டும் எடுத்தோம். பிம்பத்தை நேராக்கும்போது ஊசியின் தலையைப் பார்க்காமல் தாளைத் தொடும் அடியைப் பார்த்தோம். ஊசி சற்றுச் சாய்ந்திருந்தாலும் அடி ஏமாற்றாது.

கோணத்தை எப்படிப் படித்தோம்

கோணமானியின் ஆரம் 50 மி.மீ.; 1° இடைவெளியில் கோடுகள். அந்த ஆரத்தில் ஒரு பாகை 0.87 மி.மீ. அகலமே உள்ளது. நம் பென்சில் கோடு அரை மி.மீ. தடிமன் என்றால் அதுவே அரைப்பாகைக்குமேல் மறைத்துவிடும். அதனால் ஒவ்வொரு கதிரையும் கோணமானியின் விளிம்பைத் தாண்டி 80 மி.மீ. வரை நீட்டி, கோட்டின் நடுப்பகுதி அளவுகோலைக் கடக்கும் இடத்தைப் படித்தோம். கண்ணை அந்த இடத்துக்கு நேர்மேலே வைத்து, அருகிலுள்ள அரைப்பாகைக்கு எழுதினோம். கால்பாகையைக் கண்ணால் ஊகிக்கலாம்தான். ஆனால் ஊகித்ததை அளந்ததாக எழுத எங்களுக்கு மனமில்லை.

ஒருவர் படித்ததை மற்றவர் பார்க்காமல் மறுபடி படித்தார். பன்னிரண்டு கோணங்களில் ஒன்பதில் இருவரும் ஒரே எண்ணைச் சொன்னார்கள், மூன்றில் 0.5° வேறுபட்டது, அவற்றை மூன்றாமவர் படித்து முடிவுசெய்தார். ஆகவே ஒவ்வொரு கோணத்தின் பிழை வரம்பையும் ± 0.5° எனக் கொண்டோம்.

அளவீடுகள்

| படுகோணம் i (°) | விலகுகோணம் r (°) | sin i | sin r | sin i / sin r | பிழை வரம்பு |
|---|---|---|---|---|---|
| 20.0 | 13.5 | 0.342 | 0.233 | 1.47 | ± 0.09 |
| 30.0 | 19.0 | 0.500 | 0.326 | 1.54 | ± 0.06 |
| 40.0 | 25.0 | 0.643 | 0.423 | 1.52 | ± 0.04 |
| 50.0 | 30.5 | 0.766 | 0.508 | 1.51 | ± 0.03 |
| 60.0 | 34.5 | 0.866 | 0.566 | 1.53 | ± 0.03 |
| 70.0 | 38.5 | 0.940 | 0.623 | 1.51 | ± 0.02 |

கடைசி நிரல், இரு கோணங்களும் ஒன்றுக்கொன்று எதிராக 0.5° தவறினால் வரும் மோசமான நிலை. அதே அரைப்பாகைதான், ஆனால் 20° வரிசையில் ஒளிவிலகல் எண்ணை 6 விழுக்காடு அசைக்கிறது, 70° வரிசையில் 1.4 விழுக்காடுதான். சிறிய கோணத்தில் சைன் மதிப்பே சிறியது. அதில் அரைப்பாகை பெரும்பங்கு. எல்லா வரிசையிலும் r-இல் வரும் பிழையே i-இல் வருவதைவிடப் பெரிது. எனவே ஆறு விகிதங்களையும் கூட்டி ஆறால் வகுப்பது சரியல்ல. அப்படிச் செய்தால் நம்பக்கூடாத 20° அளவீட்டுக்கும் 70° அளவீட்டுக்கும் ஒரே மதிப்பைக் கொடுத்தவர்களாவோம்.

sin r கிடையச்சிலும் sin i நிலையச்சிலுமாக வரைபடம் வரைந்து, தொடக்கப்புள்ளி வழியே சிறந்த நேர்கோடு வரைந்தோம். சாய்வு 1.516. எல்லாப் புள்ளிகளின் பிழை வரம்புகளையும் தொட்டுச்செல்லும் மிகச் செங்குத்தான கோட்டின் சாய்வு 1.53, மிகச் சாய்வான கோடு 1.50. வேறுபாட்டில் பாதி 0.015, அதை 0.02 ஆக்கி, முடிவை 1.52 ± 0.02 என எழுதினோம்.

20° அளவீடு தனித்துத் தாழ்ந்திருப்பதால் அந்தத் தாளை வேறு வழியிலும் அளந்தோம். நுழைபுள்ளியை மையமாக வைத்து 80 மி.மீ. ஆரத்தில் வட்டமிட்டு, இரு கதிர்களும் வட்டத்தை வெட்டும் இடங்களிலிருந்து குத்துக்கோட்டுக்குள்ள தொலைவை அளந்தால், அவற்றின் விகிதமே சைன்களின் விகிதம். கிடைத்தவை 27.5 மி.மீ., 18.0 மி.மீ.; விகிதம் 1.53, பிழை வரம்பு ± 0.07. தாள் சரி, 13.5° என்று படித்ததுதான் அரைப்பாகை கூடுதலாக இருந்திருக்க வேண்டும். ஆனாலும் அட்டவணையில் முதலில் படித்த எண்ணையே விட்டிருக்கிறோம்.

ஒதுக்கிய அளவீடு

60 மி.மீ. இடைவெளியில் 40°-க்கு எடுத்த முதல் தாளில் r = 24.0° வந்தது, விகிதம் 1.58. வெளியேறிய கதிர் படுகதிருக்கு இணையாக இருந்ததால் தாள் சரி என்றே நினைத்தோம். பாளத்தை வரைந்த விளிம்பின்மேல் மறுபடி வைத்துப் பார்த்தபோதுதான், பின்பக்க ஊசிகளைக் கண்டு நட்ட கோட்டோடு அது பொருந்தவில்லை என்று தெரிந்தது. ஊசி குத்தும்போது கை பட்டுப் பாளம் ஏறத்தாழ 2° திரும்பியிருக்கிறது, 115 மி.மீ. நீளத்தில் ஒரு முனை 4 மி.மீ. விலகியிருக்கும். இணைப்பக்கப் பாளம் எப்படித் திரும்பினாலும் வெளியேறும் கதிர் படுகதிருக்கு இணையாகவே வரும் என்பதால், அந்தச் சோதனை இந்தத் தவற்றைப் பிடிக்காது. அதற்குப் பிறகு ஒவ்வொரு தாளிலும், ஊசி நட்டு முடித்ததும், பாளம் விளிம்புக்கோட்டில் அசையாமல் இருக்கிறதா என்று பார்த்த பின்பே அதை எடுத்தோம். ஒதுக்கிய தாளும் காரணம் எழுதப்பட்டுக் கோப்பில் இருக்கிறது.

இந்த அளவு எதைச் சொல்லும், எதைச் சொல்லாது

சாதாரணச் சன்னல் கண்ணாடியின் ஒளிவிலகல் எண் ஏறக்குறைய 1.52, ஒளியியலில் அதிகம் பயன்படும் போரோசிலிக்கேட் கிரவுன் கண்ணாடி 1.517. இரண்டையும் பிரித்தறிய எங்கள் ± 0.02 போதாது. அறையின் வெள்ளொளியில்தான் பார்த்தோம். கிரவுன் கண்ணாடியில் நீலத்துக்கும் சிவப்புக்கும் உள்ள வேறுபாடு 0.01-க்கும் குறைவு, ஆகவே நிறத்தால் வரும் பிழை எங்கள் வரம்புக்குள் அடங்கிவிடுகிறது. 1.49 உள்ள அக்ரிலிக் எங்கள் வரம்புக்குச் சற்று வெளியே நிற்கிறது; ஆனால் அதை விலக்க நாங்கள் நம்புவது இந்தக் கோணங்களைவிடத் தராசைத்தான்.