312 பக்க ஆண்டறிக்கையின் சுருக்கம்: வருவாய், கடன், இடர்கள்

சித்தப்பாவுக்கு,

நீங்கள் அனுப்பிய வாகன உதிரிபாக நிறுவனத்தின் ஆண்டறிக்கையை முழுவதும் படித்துவிட்டேன். உங்களிடம் 800 பங்குகள் இருக்கின்றன, இன்னும் 800 வாங்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இப்போது வாங்க வேண்டாம். இருப்பதை அவசரப்பட்டு விற்கவும் வேண்டாம். நிறுவனம் நொடித்துப் போகிற நிலையில் இல்லை. ஆனால் தலைவரின் கடிதத்தில் தெரிகிற நிறுவனமும், 190ஆம் பக்கத்துக்கு மேல் வரும் கணக்குக் குறிப்புகளில் தெரிகிற நிறுவனமும் ஒன்றுபோல இல்லை.

கீழே உள்ள தொகைகள் எல்லாம் கோடியில். துணை நிறுவனங்களையும் சேர்த்த ஒருங்கிணைந்த கணக்கையே எடுத்துக்கொண்டேன். தனித்த கணக்கு முன்னால் அச்சாகியிருப்பதால் அதைப் பார்த்துக் குழம்பிவிடாதீர்கள். நிறுவனம் இந்த ஆண்டு விலைக்கு வாங்கிய ஆலையின் கடன் அதில் வராது.

வருவாய்

விற்பனை வருவாய் 1,610லிருந்து 1,842 ஆகியிருக்கிறது. 14 சதவீத வளர்ச்சி என்று 6ஆம் பக்கத்தில் பெரிய எழுத்தில் போட்டிருக்கிறார்கள். கணக்கு சரிதான். ஆனால் அதில் 138 கோடி, ஆண்டின் நடுவே விலைக்கு வாங்கிய ஆலையின் ஏழு மாத விற்பனை. அதை எடுத்துவிட்டால் 1,704 கோடி, வளர்ச்சி 6 சதவீதத்துக்கும் சற்றுக் குறைவு.

அதிலும் பெரும்பகுதி சரக்கு கூடுதலாக விற்றதால் வந்தது அல்ல. உலோக விலை ஏறினால் அதை வாடிக்கையாளரிடம் வசூலித்துக்கொள்ள ஒப்பந்தம் இருக்கிறது. விலை ஏறியது, பில் தொகையும் ஏறியது. பழைய ஆலைகளிலிருந்து வெளியே போன சரக்கின் எடை 71ஆம் பக்கத்தில் ஒரு சிறிய அட்டவணையில் இருக்கிறது: முந்தைய ஆண்டு 61,200 டன், இந்த ஆண்டு 62,100 டன். ஒன்றரை சதவீதம். இந்தத் தொழிலில் நான் முதலில் தேடுவது இந்த எண்ணைத்தான், ஏனென்றால் விலை ஏறி இறங்கும், டன் பொய் சொல்லாது.

லாபத்தில் இது நேராகவே தெரிகிறது. வட்டி, தேய்மானம், வரி ஆகியவற்றுக்கு முந்தைய இயக்க லாபம் 214லிருந்து 221 ஆனது. விற்பனையோடு ஒப்பிட்டால் 13.3 சதவீதமாக இருந்தது 12 சதவீதமாக இறங்கிவிட்டது. வட்டிச் செலவு 34லிருந்து 61க்கும், தேய்மானம் 66லிருந்து 78க்கும் ஏறின. கடைசியில் நிகர லாபம் 92லிருந்து 80 ஆகக் குறைந்தது. பங்குக்கு 7.67 ரூபாயாக இருந்த லாபம் இப்போது 6.67 ரூபாய். அந்த 80 கோடியும் முழுக்கத் தொழிலில் சம்பாதித்தது அல்ல. 'இதர வருமானம்' என்ற தலைப்பின் கீழே, பழைய நிலம் ஒன்றை விற்றதில் கிடைத்த 15 கோடி லாபம் இருக்கிறது. அடுத்த ஆண்டு அது திரும்ப வராது.

என்னை அதிகம் உறுத்தியது பணப்பாய்வு. தொழிலிலிருந்து கைக்கு வந்த ரொக்கம் 158லிருந்து 74 ஆகப் பாதிக்கும் கீழே போய்விட்டது. வாடிக்கையாளர்களிடமிருந்து வரவேண்டிய பாக்கி 298லிருந்து 421 ஆக வீங்கியிருப்பதுதான் முக்கியக் காரணம். முன்பு சரக்கு அனுப்பி 68 நாளில் பணம் வந்தது. இப்போது 83 நாள் ஆகிறது. வாங்கிய ஆலையின் பாக்கி உள்ளே வந்ததால் இப்படித் தெரிகிறதோ என்று அதை விலக்கியும் கணக்குப் போட்டேன். அப்போதும் 83 நாளுக்குக் குறையவில்லை. ஆறு மாதத்துக்கு மேல் நிலுவையில் நிற்கும் பாக்கி 12லிருந்து 47 ஆகியிருக்கிறது. வராக்கடனுக்கு ஒதுக்கியதோ வெறும் 6 கோடி. இந்த 47இல் பாதி வராமல் போனாலே இன்னும் 17 கோடிக்கு மேல் லாபத்தில் கழிக்க வேண்டியிருக்கும்.

கடன்

மொத்தக் கடன் 457லிருந்து 734 ஆகியிருக்கிறது. கையில் உள்ள ரொக்கம் 61ஐக் கழித்தால் நிகரக் கடன் 673. முந்தைய ஆண்டு இது 369தான். ஒரே ஆண்டில் 304 கோடி கூடியிருக்கிறது.

பணம் எங்கே போனது என்று தேடினால் விடை எளிது. ஆலையை வாங்க 165, இயந்திரங்களுக்கு 118, வட்டிக்கு 61, உங்களைப் போன்ற பங்குதாரர்களுக்கு டிவிடெண்டாக 36. தொழில் தந்தது 74, நிலம் விற்றது 22. மிச்சத்துக்குக் கடன். ஆலையோடு கூடவே வந்த 20 கோடிக் கடனும் இதில் சேர்ந்திருக்கிறது. பங்குக்கு 3 ரூபாய் என்ற டிவிடெண்டைக் குறைக்காமல் கொடுத்ததைத் தலைவர் பெருமையோடு சொல்கிறார். தொழிலில் வந்த 74இல் வட்டி 61 போனபின் 13தான் மிஞ்சியது. எனவே உங்களுக்கு வந்த 2,400 ரூபாயில் பெரும்பகுதி, நிறுவனம் கடன் வாங்கிக் கொடுத்தது என்றே நான் பார்க்கிறேன். அதை நிலையான வருமானமாக வைத்து வீட்டுச் செலவைத் திட்டமிடாதீர்கள்.

வட்டியைக் கட்டும் வலுவும் தளர்ந்திருக்கிறது. தேய்மானம் போன பிறகான லாபம் முன்பு வட்டியைப் போல 4.4 மடங்கு இருந்தது, இப்போது 2.3 மடங்கு. கடனில் ஐந்தில் நான்கு பங்கு மாறும் வட்டியில் இருப்பதால், வட்டி விகிதம் ஒரு சதவீதப் புள்ளி ஏறினால் ஆண்டுக்கு ஏறக்குறைய 6 கோடி கூடுதலாகப் போகும்.

இப்போது 231ஆம் பக்கம். நீங்கள் ஒரே ஒரு பக்கம்தான் படிப்பீர்கள் என்றால் அதைப் படியுங்கள். வங்கிகள் போட்ட நிபந்தனை அங்கே இருக்கிறது: குத்தகைக் கடனையும் சேர்த்த நிகரக் கடன், இயக்க லாபத்தைப் போல 3.5 மடங்கைத் தாண்டக்கூடாது. சர்வதேச நிதி அறிக்கைத் தரம் 16 நடைமுறைக்கு வந்த 2019 முதல், குத்தகை வாடகையின் பெரும்பகுதி இயக்க லாபத்துக்குக் கீழே தேய்மானமாகவும் வட்டியாகவும் போய்விடுகிறது. அதனால் குத்தகைக் கடனை விட்டுவிட்டுக் கணக்குப் போடுவது நியாயமாகாது. அந்தக் கடன் 52. சேர்த்தால் 725, 221ஆல் வகுத்தால் 3.28 மடங்கு. முதலீட்டாளர்களுக்கான வண்ணப் பக்கங்களில் குத்தகையைச் சேர்க்காமல் '3 மடங்கு அளவில்' என்று எழுதியிருக்கிறார்கள்.

3.28க்கும் 3.5க்கும் நடுவே எவ்வளவு இடம் இருக்கிறது? கடன் இதே அளவில் நின்று, இயக்க லாபம் 221லிருந்து 207க்கு இறங்கினால் நிபந்தனை மீறப்பட்டுவிடும். வெறும் 14 கோடி. வாங்கிய ஆலை அடுத்த ஆண்டு பன்னிரண்டு மாதமும் கணக்கில் வரும் என்பது ஒரு ஆறுதல். அது சிறிதாவது தாங்கும். மீறினால் உடனே நிறுவனம் மூழ்கிவிடாது. வங்கிகள் வட்டியை ஏற்றும், டிவிடெண்டை நிறுத்தச் சொல்லும், அல்லது புதிய பங்குகளை வெளியிட்டுக் கடனைக் குறைக்கச் சொல்லும். மூன்றிலும் சுமை சிறு பங்குதாரர் தலையில் வந்து விழும்.

இன்னொன்று: அடுத்த 12 மாதத்தில் 291 கோடி திருப்பிக் கட்ட வேண்டும். கையிருப்பு 61, வங்கியில் எடுக்காமல் வைத்திருக்கும் வரம்பு 110. போதாது. பழைய கடனைப் புதுப்பித்தே ஆக வேண்டும். பல நிறுவனங்கள் ஆண்டுதோறும் செய்வதுதான்; ஆனால் நிபந்தனையின் விளிம்பில் நின்றுகொண்டு போய்க் கேட்பது வேறு.

இடர்கள்

88 முதல் 101ஆம் பக்கம் வரை 23 இடர்களைப் பட்டியல் போட்டிருக்கிறார்கள். தீ விபத்து, இணையத் தாக்குதல், ஊழியர் பற்றாக்குறை போன்றவை எந்த நிறுவனத்தின் அறிக்கையிலும் இருக்கும். அந்நியச் செலாவணி ஏற்றத்தாழ்வுக்கு முன்ஒப்பந்தம் போட்டிருக்கிறார்கள், கவலையில்லை. உங்கள் பணத்தைத் தொடக்கூடியவற்றை மட்டும் சொல்கிறேன்.

வருவாயில் 58 சதவீதம் மூன்றே வாடிக்கையாளர்களிடமிருந்து வருகிறது. முந்தைய ஆண்டு 51. அவர்களில் ஒருவரே 27 சதவீதம். பாக்கி நாட்கள் நீண்டதற்கும் இதற்கும் தொடர்பு இருக்கும் என்று நினைக்கிறேன். பெரிய வாடிக்கையாளர் தாமதித்தால் இவர்களால் அழுத்திக் கேட்க முடியாது.

விற்பனையில் 44 சதவீதம் பெட்ரோல், டீசல் இன்ஜினுக்குள் போகும் பாகங்கள். மின்வாகனத்தில் அந்த இன்ஜினே கிடையாது. இவ்வளவு பெரிய விஷயத்துக்கு 96ஆம் பக்கத்தில் அரைப் பக்கம்தான் ஒதுக்கியிருக்கிறார்கள். 'உரிய வாய்ப்புகளை ஆராய்ந்து வருகிறோம்' என்பதற்கு மேல் அதில் எதுவும் இல்லை. எந்த ஆண்டுக்குள் எவ்வளவு விற்பனையை மாற்றப் போகிறோம் என்று ஒரு எண்ணாவது தந்திருக்க வேண்டும்.

வாங்கிய ஆலைக்குக் கொடுத்த 165இல் 71 கோடி, அதன் சொத்துகளின் நிகர மதிப்புக்கு மேல் கொடுத்த தொகையாக, 'நற்பெயர்' என்ற பெயரில் சொத்தாக நிற்கிறது. அந்த ஆலை ஐந்தாண்டுகளுக்கு ஆண்டுதோறும் 9 சதவீதம் வளரும் என்ற அனுமானத்தில்தான் அந்த மதிப்பு நிற்கிறது. பழைய ஆலைகள் சரக்கு எடையில் ஒன்றரை சதவீதம்தான் வளர்ந்ததை மேலே பார்த்தோம். அனுமானம் பொய்த்தால் அந்த 71இல் ஒரு பகுதி ஏதோ ஓர் ஆண்டின் லாபத்தைத் தின்றுவிடும். தணிக்கையாளர் கணக்குகள் சரி என்றே கையெழுத்திட்டிருக்கிறார். அதே சமயம், தணிக்கைத் தரம் 701இன்படி தனியே சொல்ல வேண்டிய முக்கிய விவகாரங்களாக அவர் எடுத்தது இரண்டு: இந்த நற்பெயர், பழைய பாக்கி. இது குற்றச்சாட்டு அல்ல. நிர்வாகத்தின் ஊகம் அதிகம் கலந்த இடங்கள் இவை என்று அவர் காட்டும் அடையாளம்.

நிறுவனர் குடும்பத்துக்குச் சொந்தமான நிறுவனத்திடம் வாங்கும் பழைய இரும்பு 96லிருந்து 141 கோடி ஆகியிருக்கிறது. டன் ஒன்றரை சதவீதம் கூடிய ஆண்டில் கொள்முதல் 47 சதவீதம் கூடியது ஏன்? உலோக விலை மட்டும் இதை விளக்காது. சந்தை விலைதான் என்கிறது 274ஆம் பக்கம். எப்படி ஒப்பிட்டார்கள் என்று சொல்லவில்லை. கூட்டு நிறுவனம் ஒன்றின் கடனுக்குக் கொடுத்த 60 கோடி உத்தரவாதமும், 43 கோடி வரி வழக்கும் இருப்புநிலைக் குறிப்புக்கு வெளியே, குறிப்புகளில் மட்டும் இருக்கின்றன.

அரையாண்டுக் கணக்கு வரும்போது எனக்கு அனுப்புங்கள். தொழிலிலிருந்து வந்த ரொக்கம், ஆறு மாதம் தாண்டிய பாக்கி, குத்தகை சேர்த்த கடன் மடங்கு ஆகிய மூன்றை மட்டும் பார்ப்போம். மூன்றும் நல்ல பக்கம் திரும்பியிருந்தால் கூடுதல் பங்குகளைப் பற்றி அப்போது பேசலாம்.

அதற்கு முன்பே பொதுக்கூட்டம் வருகிறது. 800 பங்கு மட்டும் வைத்திருப்பவருக்கும் கேள்வி கேட்கும் உரிமை உண்டு. நிறுவனச் செயலருக்கு முன்கூட்டியே எழுதி அனுப்ப இந்த மூன்று கேள்விகளை வைத்திருங்கள்: 231ஆம் பக்க நிபந்தனை மீறப்படும் நிலை வந்தால் வங்கிகளோடு என்ன ஏற்பாடு? நிலுவையில் உள்ள 47 கோடியில் ஆண்டு முடிந்த பிறகு எவ்வளவு வசூலாகியிருக்கிறது? குடும்ப நிறுவனத்திடம் வாங்கிய இரும்பின் டன் விலை என்ன, அதே இரும்பை மற்றவர்களிடம் வாங்கிய விலை என்ன?