வயலிலிருந்து வீட்டுக்கு: சனிக்கிழமை முன்பதிவு விற்பனைத் தளத்திற்கான திட்ட வரைவு

தொண்டாமுத்தூர் வட்டாரத்தில் நம் கூட்டுறவில் இருக்கும் 64 உறுப்பினர்களின் விளைச்சலைக் கோவை நகர வீடுகளுக்கு நேரடியாக விற்பதற்கான திட்டம் இது. நிர்வாகக் குழுவும் தளத்தை எழுதப்போகிறவர்களும் சேர்ந்து படித்து முடிவெடுக்க வேண்டியது.

முதலில் ஒன்றைத் தீர்மானித்துவிட வேண்டும். வழக்கமான இணையக் கடையில் பொருள் கிடங்கில் இருக்கும், அதைப் பார்த்து விற்பார்கள். நம் பொருளோ செவ்வாய்க்கிழமை செடியில் இருக்கிறது, வெள்ளிக்கிழமைதான் கூடைக்கு வருகிறது. ஆகவே இந்தத் தளம் விற்பது ஒரு வாக்குறுதியை. எவ்வளவு வாக்குக் கொடுக்கலாம் என்ற கணக்குச் சரியாக இருந்தால் மற்றதெல்லாம் தானாக நடக்கும். பக்கத்தின் அழகுக்கு முன் அந்தக் கணக்கில்தான் நேரமும் பணமும் போக வேண்டும்.

வாரம் ஓடும் விதம்

திங்கள் மாலை 6 மணிக்குள் ஒவ்வொரு உறுப்பினரும் வெள்ளிக்கிழமைக்கு என்ன, எத்தனை கிலோ தர முடியும் என்று சொல்ல வேண்டும். தளத்தில் பதியத் தெரியாதவர்கள் வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பினால் போதும். அலுவலகத்தில் ஒருவர் ஏற்றிக்கொள்வார். செவ்வாய் காலை 10 மணிக்குப் பட்டியல் வெளியாகும். வியாழன் மாலை 6 மணிக்கு முன்பதிவு மூடும். 7 மணிக்குள் ஒவ்வொருவருக்கும் அறுவடைச் சீட்டு குறுஞ்செய்தியாகப் போகும்: "வெண்டை 18 கிலோ, வெள்ளி மாலை 4 மணிக்குள் மாதம்பட்டி கொட்டகை." இரவு தரம்பிரித்து எடை போட்டு, சனி விடியற்காலை 5.30க்கு வண்டி கிளம்பும்.

வியாழன் 6 மணி என்பதை யாருக்காகவும் தளர்த்தக் கூடாது. இரவு 9 மணிக்கு ஒரு வீட்டின் இரண்டு கிலோ தக்காளியைச் சேர்த்தால், அதற்காக ஒரு சீட்டு மாறும், ஒரு விவசாயிக்கு மறுபடி போன் போகும், கொட்டகையில் எழுதி ஒட்டிய தாளும் தளத்தில் உள்ள எண்ணும் வேறுபடும். சனிக்கிழமை காலையில் பை குறைவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

எவ்வளவு இருக்கிறது என்று காட்டுவது

உறுப்பினர் சொல்லும் அளவை அப்படியே தளத்தில் ஏற்றக் கூடாது. கடைசி நான்கு வாரங்களில் அவர் சொன்னதையும் கொடுத்ததையும் ஒப்பிட வேண்டும். 400 கிலோ சொல்லி 310 கிலோ கொடுத்தவரின் விகிதம் 0.775. அவர் இந்த வாரம் 100 கிலோ என்றால் விற்பனைக்கு 77 கிலோ. புதிதாக வருபவருக்குக் கீரை என்றால் 0.7, தக்காளி 0.75, சின்ன வெங்காயம் 0.95, தேங்காய் 1 என்று தொடங்கலாம். மீதம் வருவதை, வீட்டுக்காரர்கள் வந்து பையை எடுத்துச் செல்லும் பிக்கப் இடத்திலேயே உதிரியாக விற்றுவிடலாம். குறைந்தால் கொடுக்க வழியில்லை. விகிதம் எல்லோருக்கும் ஒரே முறையில் கணக்கிடப்படுவதால் குழுவில் மனக்கசப்பும் வராது.

இரண்டு வீடுகள் ஒரே நொடியில் கடைசி இரண்டு கிலோவை எடுத்தால் இரண்டுக்கும் விற்றுவிடும் தவறு புதுத் தளங்களில் அடிக்கடி நேரும். "இருக்கிறதா" என்று முதலில் படித்துவிட்டுப் பிறகு எழுதுவதால் வருவது அது. சோதிப்பதும் எழுதுவதும் ஒரே கட்டளையில் நடக்க வேண்டும். எடை எப்போதும் கிராமில், முழு எண்ணாக:

```sql
UPDATE weekly_stock
SET reserved_g = reserved_g + 2000
WHERE id = 118
  AND reserved_g + 2000 <= offer_g;
```

ஒரு வரியும் மாறவில்லை என்றால் "தீர்ந்துவிட்டது" என்று காட்ட வேண்டும். பணம் கட்டாத பதிவு 15 நிமிடம் மட்டும் பொருளைப் பிடித்து வைக்கலாம். யுபிஐ பணம் போய்விட்டும் உறுதிச் செய்தி தாமதமாக வருவது உண்டு. 15 நிமிடம் கடந்து பணம் வந்தால், பொருள் இன்னும் இருந்தால் பதிவைப் புதுப்பிக்கவும், இல்லையென்றால் உடனே திருப்பவும் தளத்திலேயே விதி எழுதப்பட வேண்டும். ஒரே பரிவர்த்தனை எண் இரண்டு முறை வந்தால் இரண்டாவதை ஒதுக்க வேண்டும்.

பட்டமும் பட்டியலும்

இல்லாத காயைப் பட்டியலிலிருந்து நீக்க வேண்டாம். "வருகிறது", "இருக்கிறது", "குறைகிறது", "இல்லை" என நான்கு நிலைகளில் காட்டினால், வாங்குகிறவர்களுக்கு எது எப்போது விளையும் என்பது புரியத் தொடங்கும். "இல்லை" என்ற இடத்தில் எப்போது திரும்ப வரும் என்பதும், வந்ததும் தெரியப்படுத்தக் கேட்கும் பொத்தானும் இருக்கட்டும். அந்தப் பொத்தானை எத்தனை பேர் அழுத்தினார்கள் என்பது அடுத்த பட்டத்தில் எதை எவ்வளவு போடலாம் என்று முடிவெடுக்க நமக்கு உதவும்.

"வருகிறது" என்பதை யாரும் கையால் எழுத வேண்டியதில்லை. நடவுப் பதிவேட்டைத் தளத்தோடு இணைத்தால் போதும். சிறுகீரை விதைத்த 25ஆம் நாள், வெண்டை ஏறக்குறைய 45ஆம் நாள், கத்தரி நாற்று நட்ட 55 முதல் 60 நாளில், காயாக ஊன்றிய சின்ன வெங்காயம் 65 முதல் 70 நாளில் என்று அறுவடை வாரத்தைத் தளமே கணக்கிடும். மழையோ வெயிலோ இதை ஒரு வாரம் முன்பின் தள்ளும் என்பதால் வாரத்தை மட்டும் காட்டவும், தேதியைக் காட்ட வேண்டாம். ஐப்பசி, கார்த்திகையில் கீரைக்கும் தக்காளிக்கும் முன்பதிவை முந்தைய விகிதத்தின் பாதியாகக் குறைக்க வேண்டும். அடைமழையில் கீரை அழுகும், தக்காளி வெடிக்கும். முருங்கை பங்குனி தொடங்கிக் கொட்டும், மார்கழியில் மரத்தில் தேட வேண்டியிருக்கும்; அதன் விலை ஏற்றத்தைத் தளத்திலேயே காரணத்தோடு எழுதிவிட்டால் கேள்விகள் குறையும். மலையடிவாரத் தோட்டங்களின் வாழையை முன்கூட்டி உறுதியளிக்கக் கூடாது. யானை ஒரே இரவில் நுழைந்தால் தார் மிஞ்சாது. வெட்டி வந்த தாரை மட்டும் பட்டியலில் சேர்க்கலாம்.

வெண்டைக்கு இன்னொரு சிக்கல். அதை ஒரு நாள் விட்டு ஒரு நாள் பறிக்காவிட்டால் முற்றிவிடும். வாரம் ஒருமுறை வாங்கும் நாம் ஒருவரின் வெண்டையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்க முடியாது. மீதி உழவர் சந்தைக்கோ மண்டிக்கோ போகத்தான் வேண்டும். உறுப்பினர்களிடம் இதை முன்பே சொல்லிவிட வேண்டும். மண்டியோடு உறவை அறுத்துக்கொண்டு வர யாரையும் அழைக்கக் கூடாது.

நீண்ட முன்பதிவு பொங்கல் மஞ்சள் கொத்துக்கும் மாம்பழத்துக்கும் மட்டும். முன்பணம் 25 சதவீதம்; மஞ்சள் கொத்துக்கு ஜனவரி 5 கடைசி நாள், ஜனவரி 13 பிக்கப். செங்கரும்பு நம் உறுப்பினர்களிடம் இல்லை. வெளியில் வாங்கி விற்றால் லாபம் வரும் என்ற யோசனை எழும், ஏற்க வேண்டாம். பற்றாக்குறையை மண்டியில் வாங்கி நிரப்புவதற்கும் அதே விடைதான். ஒருமுறை செய்தாலும், விவசாயியின் ஊர்ப் பெயர் ஒட்டிய பையை அதன் பிறகு யாரும் நம்பமாட்டார்கள்.

குறைந்துபோனால்: முதலில் பணம் கட்டியவருக்கு முழு அளவு, பின்னால் வந்தவருக்கு வெள்ளி இரவு 8 மணிக்குள் செய்தியும் பணமும். "ஒத்த காய் தரலாம்" என்று முன்பே தெரிவு செய்தவருக்கு மட்டும் மாற்றுக் காய். பூசணி, வாழைத்தார் போன்ற எடை மாறும் பொருளுக்கு அளவு வரம்பின் மேல் எல்லைக்குப் பணம் வாங்கி, எடை போட்டபின் மிச்சத்தை வாடிக்கையாளர் கணக்கில் வரவு வைக்கலாம்.

பிக்கப் இடங்கள்

மூன்றோடு தொடங்கலாம்: வடவள்ளி, சாய்பாபா காலனி, பீளமேடு. வண்டி இந்த வரிசையில் போகும்; கடைசியில் இறக்க வேண்டிய பீளமேட்டுப் பெட்டிகள் முதலில் ஏற வேண்டும். இடத்துக்குத் தேவை: நிழல், குறைந்தது 6க்கு 10 அடி, படி ஏறாத தரை, இருசக்கர வண்டி நிறுத்த வசதி, பொறுப்பாக ஒருவர். அடுக்ககத்தின் வாகன நிறுத்தமாக இருந்தால் சங்கத்தின் எழுத்துபூர்வ ஒப்புதல் வேண்டும். வாய்மொழி அனுமதி நிர்வாகிகள் மாறியதும் போய்விடும்.

ஒவ்வொரு வீட்டுக்கும் பையில் "வ-17" போல இட எழுத்தும் எண்ணும். அடியில் தேங்காய், பூசணி, நடுவில் வெங்காயம், கத்தரி, மேலே தக்காளி. கீரையைப் பைக்குள் வைக்கவே கூடாது, வேர்வையில் கறுத்துவிடும். கட்டுகளாக ஈரச் சாக்கில் தனியே போய், எடுக்கும்போது கையில் கொடுக்கப்படட்டும். எடுக்கும் நேரம் மூன்று மணி, வடவள்ளியில் 6.30 முதல் 9.30 வரை. முடிய 45 நிமிடம் இருக்கும்போது வராதவர்களுக்கு அழைப்பு. அப்படியும் வராத பையின் கீரை உதிரி விற்பனைக்கு, மற்றவை ஞாயிறு காலை 9 வரை காத்திருக்கும். கீரைக்குப் பணம் திரும்பாது என்பது பதிவுப் பக்கத்திலேயே பெரிய எழுத்தில் இருக்க வேண்டும்.

விலையும் பங்கும்

உழவர் சந்தையின் முந்தைய நான்கு வாரச் சராசரி விலையை அடிப்படையாக வைத்துச் செவ்வாய் காலை குழு விலை வைக்கும். வாரம் முழுதும் மாறாது. விற்ற 100 ரூபாயில் விவசாயிக்கு 72, கொட்டகை, வண்டிச் செலவு 14, பிக்கப் பொறுப்பாளர் 4, தளம், பணப் பரிமாற்றம் 3, பற்றாக்குறை நிதி 4, இருப்பு 3. தக்காளி 40 ரூபாய் என்றால் விவசாயி கையில் 28.80, செவ்வாய்க்குள் வங்கிக் கணக்கில்.

சனிக்கிழமைக்கு வண்டி வாடகை 2,800, தரம்பிரிக்கும் மூவருக்குக் கூலி 1,800, பை, சாக்கு 400: ஆக 5,000 ரூபாய். 14 சதவீதத்தில் இது கிடைக்க 35,714 ரூபாய்க்கு விற்க வேண்டும். ஒரு வீட்டின் சராசரிப் பதிவு 380 ரூபாய் என்று வைத்தால் 94 வீடுகள். ஓர் இடத்துக்கு 32 வீடு தேறாவிட்டால் நான்காவது இடம் திறக்கக் கூடாது. புது இடம் வண்டிச் செலவைக் கூட்டும், வீடுகளைச் சிதறடிக்கும்.

காய்கறிக்கு ஜிஎஸ்டி இல்லை. பருப்பை 25 கிலோவுக்குள் பொட்டலமிட்டு லேபிள் ஒட்டி விற்றால் 5 சதவீதம் வரும். அதனால் பருப்பு இரண்டாம் கட்டத்துக்கு. தராசுகளுக்கு எடையளவுத் துறை முத்திரை வேண்டும். பங்கேற்பு உறுதியளிப்புச் சான்றோ பிற சான்றோ இல்லாத உறுப்பினரின் பொருளில் "இயற்கை விளைபொருள்" என்று போடக் கூடாது. தெளித்ததையும் தெளித்த நாளையும் எழுதலாம்.

தொடங்கும் வரிசை

தளம் எழுதுவதற்கு முன், தை மாதம் நான்கு சனிக்கிழமை வடவள்ளியில் மட்டும் 40 வீடுகளோடு ஒரு கூகுள் படிவமும் விரிதாளும் வைத்து நடத்திப் பார்க்க வேண்டும். இந்த நான்கு வாரமும் வாடகை வண்டி வேண்டாம், உறுப்பினர் ஒருவரின் மினி லாரி போதும். சொன்ன அளவு, வந்த அளவு, வீணானது, வராத வீடு என நான்கு எண்களை வாராவாரம் எழுதி வைத்தால் விகிதங்களுக்குத் தொடக்க எண் கிடைக்கும். ஓடிபி குறுஞ்செய்திக்கு, அனுப்புகிறவரைப் பதிவு செய்யும் தொலைத்தொடர்பு நிறுவனத்தின் டிஎல்டி பதிவும் வாசக ஒப்புதலும் தேவை. நாள் பிடிக்கும் என்பதால் தை முதல் வாரமே விண்ணப்பிக்க வேண்டும். மாசியில் தளம் எழுதும் வேலை, பங்குனி இரண்டாம் சனிக்கிழமை மூன்று இடங்களிலும் திறப்பு. ஐப்பசி மழையில் திறக்கும் யோசனை வந்தால், தை வரை காத்திருந்துதான் தொடங்க வேண்டும் என்று குழு சொல்லிவிடலாம். முதல் நான்கு வாரத்தில் பை குறைந்த வீடு இரண்டாவது முறை வராது.