வாலரண்ட் ஆட்டம்: 3-9-ல் இருந்து இரண்டாம் பாதிக்கு

எல்லாரும் முதலில் ஆளுக்குக் கொஞ்சம் தண்ணீர் குடியுங்கள். ஐந்து நிமிடம் இருக்கிறது, நான் அதில் பாதியைத்தான் எடுத்துக்கொள்வேன்.

3-9. ஜெயிக்க அவர்களுக்கு இன்னும் நான்கு ரவுண்டு போதும், நமக்குப் பத்து வேண்டும். அந்தக் கணக்கை இப்போதே மறந்துவிடுங்கள். உங்கள் எய்ம் மோசமில்லை. பின்னால் நின்று பார்த்த எனக்குத் தெரியும், ஒருத்தருக்கு ஒருத்தர் என்று வந்த சண்டைகளில் நீங்கள் சமமாகத்தான் நின்றீர்கள். தோற்றதெல்லாம் தனியாகப் போனதால். ஜெட்டாக ஆடுபவன் உள்ளே பாயும்போது மற்ற நாலு பேரும் லாபியில் இருந்தால், அவன் செத்த பிறகு பழிவாங்க யார் இருக்கிறார்கள்? தம்பி, இது உன் குற்றமில்லை. நீ "போறேன்" என்று சொன்னாய், யாரும் பதில் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நீ நின்றிருப்பாய்.

அடுத்தது காசு. நாலாவது ரவுண்டில் மூன்று பேர் ஸ்பெக்டர் வாங்கினீர்கள், இரண்டு பேர் சேவ் பண்ணினீர்கள். ஐந்தாவது ரவுண்டில் யாரிடமும் முழுதாக வாங்கக் காசு இல்லை. அந்த இடத்தில்தான் ஆட்டம் கையை விட்டுப் போனது. இனி ஆட்டத்துக்குள் நம்மை நடத்தும் ஐஜிஎல் சொல்வதுதான் முடிவு. வாங்கினால் ஐந்து பேரும், இல்லையென்றால் ஒருவரும் இல்லை. பிஸ்டல் போனாலும் பதற வேண்டாம்: 1900 வரும், அடுத்த ரவுண்டை விட்டால் இன்னும் 2400 வரும். மொத்தம் 4300. வேண்டலும் முழுக் கவசமும் சேர்த்து 3900தான். ஒரு ரவுண்டு பொறுத்தால் ஐந்து பேரும் துப்பாக்கியோடு நிற்கலாம்.

இப்போது நாம் டிஃபென்ஸ். அசென்ட் மேப்பில் நடுப்பகுதியான மிட்டைக் கொடுத்தால் இரண்டு சைட்டும் போச்சு. சோவா, கேட்வாக்கில் நீ. ஓமன், மார்க்கெட் பக்கம். கில்ஜாய், பி சைட் உன் பொறுப்பு, டரெட் சுட ஆரம்பித்ததும் சத்தமாகச் சொல். எத்தனை பேர், எந்தப் பக்கம், அவ்வளவு போதும். "ஐயோ செத்துட்டேன்" என்பது தகவல் இல்லை. செத்தால் கொன்றவன் எங்கே நின்றான், எவ்வளவு அடி வாங்கினான் என்று சொல்லிவிட்டு மைக்கை விடுங்கள்.

அவர்கள் ஸ்பைக் குண்டை வைத்துவிட்டால் ஓடாதீர்கள். 45 வினாடி இருக்கிறது, டிஃப்யூஸ் 7 வினாடி. மூச்சு விட நேரம் இருக்கிறது. மூன்று பேர் சேரும் வரை நின்று, ஓமன் ஸ்மோக் விழுந்ததும் ஒன்றாக நுழையுங்கள். முதல் பாதியில் அவர்கள் ரீடேக் எடுத்தது இப்படித்தான். நாம் மூன்று திசையில் மூன்று பேராக எட்டிப் பார்த்து ஒவ்வொருவராக விழுந்தோம், அதனால்தான் அவர்களுக்கு அது சுலபமாக இருந்தது.

ஐஜிஎல், பேசுவதை நிறுத்தாதேம்மா. ரவுண்டுகள் கைவிட்டுப் போகப் போக உன் குரல் குறைந்துவிட்டது, கூடவே மற்றவர்கள் குரலும் போய்விட்டது. தப்பாகச் சொன்னாலும் பரவாயில்லை. ஐந்து பேரும் அதே தப்பைச் சேர்ந்து செய்தால் சமாளிக்கலாம்.

சரி, பிஸ்டலுக்கு கோஸ்ட், மிச்சக் காசுக்கு எபிலிட்டி. யாரும் முன்னால் போய்ச் சுட வேண்டாம், அவர்கள் நம்மிடம் வரட்டும். உட்காருங்கள், போய் ஆடலாம்.