குளச்சல் ஐஸ் ஆலை: ஜூன் 16 நிலை அறிக்கையும் தூத்துக்குடிக்கு அனுப்பும் ஐந்து வரியும்

தம்பி,

நீங்கள் நேற்று அனுப்பிய இரண்டு பக்க அறிக்கையை முழுக்கப் படித்தேன். வேலை நடக்கும் இடத்தை நேரில் பார்த்தது போல இருந்தது. ஆனால் தூத்துக்குடியில் இருக்கும் நம் தலைமைச் செயல் அலுவலர் இந்த வாரம் முழுக்கக் கூட்டத்திலும் பயணத்திலும் இருக்கிறார். அவர் கையில் வாட்ஸ்அப்தான் திறக்கும். அதனால் அதையே ஐந்து வரியாகச் சுருக்கியிருக்கிறேன். இன்று மாலை 4 மணிக்கு அனுப்புகிறேன். அதற்குள் எண்களை ஒருமுறை உங்கள் ரசீதுகளோடு ஒத்துப் பாருங்கள்.

அனுப்பப்போகும் செய்தி:

ஐயா, வணக்கம். குளச்சல் ஐஸ் ஆலைக்கு ஒரு மாதம் ஜெனரேட்டர் வாடகைக்கு எடுக்க, ஜூன் 20 வெள்ளி மாலைக்குள் உங்கள் ஒப்புதல் வேண்டும்.

டிரான்ஸ்பார்மர் ஐந்து வாரம் தள்ளிப்போய் ஆகஸ்ட் 8-ல் வருகிறது, மின் இணைப்பு ஆகஸ்ட் 22-ல்தான் கிடைக்கும். இங்கே மேற்குக் கரைத் தடை ஜூலை 31-ல் முடிவதால் 26 படகுகளுக்கு ஆகஸ்ட் 1 முதல் ஐஸ் தரவேண்டும்.

டீசலோடு மொத்தச் செலவு ரூ.10.9 லட்சம், அவசர ஒதுக்கீட்டில் உள்ள ரூ.13 லட்சத்துக்குள் அடங்கும். இணைப்பு ஆகஸ்ட் 26-ஐத் தாண்டினால் மட்டுமே கூடுதல் பணம் கேட்பேன்.

எடுக்காவிட்டால் ஆகஸ்ட் 1 முதல் 22 வரை தேவைப்படும் 440 டன் ஐஸை வெளியில் சுமார் ரூ.13.2 லட்சத்துக்கு வாங்கவேண்டும், சீசனில் அது கிடைக்கும் என்று உறுதி சொல்ல முடியாது. கிடைக்காவிட்டால் படகுகள் வேறு கம்பெனிக்குப் போகும்.

மற்ற வேலைகள் ஜூலை 25-க்குள் முடியும். ஆனால் அமோனியா பாதுகாப்புப் பயிற்சியும் ஊர்க் கூட்டமும் முடியாமல் அமோனியா நிரப்பமாட்டோம், அதனால் தேதி தள்ளினாலும் சரி.

இனி, உங்கள் அறிக்கையில் இருந்த சில விஷயங்கள் ஏன் இதில் இல்லை என்று சொல்லிவிடுகிறேன். கட்டடம், ஐஸ் கேன், வெல்டிங் மூன்றையும் ஒரே வரிக்குள் அடக்கிவிட்டேன். கஷ்டப்பட்டுச் செய்த வேலைதான், எனக்குத் தெரியும். ஆனால் அவற்றில் அவர் முடிவெடுக்க ஒன்றும் இல்லை. 220 கேன் இன்னும் வரவில்லை என்பதை முதல் பக்கத்திலேயே எழுதியிருந்தீர்கள். முதல் மூன்று வாரம் நாளுக்கு 20 டன்தான் போடப்போகிறோம், அதற்கு 400 கேன் போதும், கையில் 600 இருக்கிறது. இதைச் சொன்னால் அவர் கேனைப் பற்றித்தான் போன் பண்ணிக் கேட்பார்.

"மேற்குக் கரைத் தடை" என்று நான் எழுதியதை மட்டும் யாரும் திருத்தவேண்டாம். அவர் உட்கார்ந்திருப்பது தூத்துக்குடியில். அங்கே கிழக்குக் கரை மீன்பிடித் தடை ஜூன் 14-ஓடு முடிந்து விசைப்படகுகள் கடலுக்குப் போய்விட்டன. நம் மாவட்டத்திலேயே சின்னமுட்டம் அந்தக் கணக்கில்தான் வரும். வெறுமனே "தடை முடிந்ததும்" என்று எழுதினால், இப்போதே படகு ஓடுகிறதே, ஆலை எங்கே என்று நினைத்துக்கொள்வார். ஜூலை 31 என்ற தேதி இருந்தால்தான் நமக்கு இருக்கும் அவகாசமும் அவருக்குப் புரியும், அவசரமும் புரியும்.

பணம் அவசர ஒதுக்கீட்டிலேயே இருக்கிறது என்பதை நீங்கள் இரண்டாம் பக்கத்தில் கடைசிப் பத்தியில் வைத்திருந்தீர்கள். ஒப்புதல் கேட்கும்போது அவர் மனதில் முதலில் எழும் கேள்வியே அதுதான். அதனால் மூன்றாம் வரிக்குக் கொண்டுவந்தேன்.

கடைசி வரியைப் பற்றி நம் அலுவலகத்திலேயே ஒருவர், "தள்ளினாலும் சரி என்று எழுதவேண்டுமா, பயந்துவிடுவாரே" என்று கேட்டார். எழுதத்தான் வேண்டும். ஜூலையில் காற்று கடலிலிருந்து ஊருக்குள் அடிக்கும். நம் மதிலுக்கு அந்தப் பக்கம் வீடுகள், அமோனியா கசிந்தால் அங்கேதான் போகும். நாளைக்கு யாராவது தேதியைக் காட்டி நம்மை அவசரப்படுத்தினால், இந்த ஒரு வரி கையில் இருக்கவேண்டும். இடம் போதாவிட்டால் வேறு எதையாவது வெட்டுவேன், இதை வெட்டமாட்டேன்.

உங்கள் அறிக்கையையும் கீழே சேர்த்திருக்கிறேன். வரிசையை மட்டும் மாற்றியிருக்கிறேன், எழுத்து உங்களுடையதுதான். அவர் விவரம் கேட்டால் உடனே அனுப்பத் தயாராக இருக்கட்டும்.

திட்ட மேலாளர்
ஜூன் 17

---

நிலை அறிக்கை
திட்டம்: குளச்சல் 40 டன் ஐஸ் பார் ஆலை
தேதி: ஜூன் 16
தயாரித்தவர்: தளப் பொறியாளர்

மின்சாரம்

ஆலையின் இணைப்புச் சுமை 170 கிலோவாட். தாழ்வழுத்த இணைப்பில் இது அடங்காது, 11 கிலோவோல்ட் உயரழுத்த இணைப்பும் சொந்த டிரான்ஸ்பார்மரும் தேவை. 250 கேவிஏ டிரான்ஸ்பார்மர் ஜூலை 4-ல் வரவேண்டியது. தயாரிப்பாளரிடமிருந்து ஜூன் 12-ல் வந்த கடிதத்தின்படி ஆகஸ்ட் 8-ல்தான் வந்து சேரும். வேறு இரண்டு இடங்களில் விசாரித்தோம், அதைவிட முன்னால் தருவதாக யாரும் சொல்லவில்லை.

டிரான்ஸ்பார்மர் வந்து பீடத்தில் ஏற்றி, எர்த்திங் சோதனை முடித்து, மின் ஆய்வாளரின் பாதுகாப்புச் சான்று வாங்கி, அதன் பிறகுதான் மின்வாரியம் இணைப்பு தரும். இதற்கு இரண்டு வாரம் வைத்திருக்கிறோம். அந்தக் கணக்கில் மின்சாரம் வரும் நாள் ஆகஸ்ட் 22. கம்பம், கேபிள், மீட்டர் அறை வேலைகள் முடிந்துவிட்டன. விண்ணப்பமும் கட்டணமும் செலுத்தியாகிவிட்டது.

ஐஸ் தேவை

குளச்சல், முட்டம், தேங்காப்பட்டணம் பக்கம் விசைப்படகுகளுக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை தடைக்காலம். ஆகஸ்ட் முதல் வாரத்திலேயே கணவாய் வரத் தொடங்கும். அந்த மீனை நமக்கே தருவதாக 26 விசைப்படகுகள் பேசி முடித்திருக்கின்றன. அவர்கள் கேட்டது ஒன்றுதான்: கடலுக்குக் கிளம்பும்போது ஐஸ் இருக்கவேண்டும். அவர்களுக்குத் தேவை சராசரியாக ஒரு நாளைக்கு 20 டன், அதாவது 50 கிலோ பார் 400. தடை பொருந்தாத வள்ளங்கள் இப்போதும் கடலுக்குப் போகின்றன. அவர்களும் வந்து எப்போது ஆலை ஓடும் என்று கேட்டுப் போகிறார்கள், ஆனால் அந்தத் தேவையை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை.

ஜெனரேட்டர் யோசனை

இரண்டு கம்ப்ரசரில் ஒன்றை மட்டும் ஓட்டி நாளுக்கு 20 டன் போடலாம். மற்றது பழுதுக்குக் கைகாவலாக இருக்கும். நாகர்கோவிலில் ஒருவரிடம் 125 கேவிஏ ஜெனரேட்டர் இருக்கிறது. ஜூலை 25 முதல் ஆகஸ்ட் 24 வரை வாடகை, ஏற்றி இறக்கும் கூலி, கேபிள் எல்லாம் சேர்த்து ரூ.1.6 லட்சம். ஜூன் 20 மாலை வரை நமக்காக வைத்திருப்பதாகச் சொன்னார்.

டீசல் மணிக்கு 18 லிட்டர் வீதம் ஒரு நாளைக்கு 432 லிட்டர். ஆகஸ்ட் 1 முதல் 22 வரை சுமார் 9,500 லிட்டர், ஜூலைக் கடைசியில் சோதனை ஓட்டத்துக்கு 500 லிட்டர். மொத்தம் 10,000 லிட்டர், லிட்டர் ரூ.93 என்று வைத்து ரூ.9.3 லட்சம். வாடகையோடு ரூ.10.9 லட்சம்.

அந்த 22 நாளில் கிடைக்கும் ஐஸ் 440 டன். இதையே வெளியில் வாங்கினால் லாரிக் கூலியோடு டன்னுக்கு ரூ.3,000 வீதம் ரூ.13.2 லட்சம். தண்ணீர், கூலி எல்லாம் நம் பக்கம் சேர்த்தால் மிச்சம் பெரிதாக இருக்காது. ஆனால் ஐஸ் நம் கையில் இருக்கும். ஆகஸ்டில் எல்லாத் துறைமுகத்திலும் ஒரே நேரத்தில் ஐஸ் தேடுவார்கள்.

அவசர ஒதுக்கீடு ரூ.18 லட்சத்தில் தளத்தை மறுபடி போட்டதற்கு ரூ.5 லட்சம் போய் ரூ.13 லட்சம் இருக்கிறது. ஜெனரேட்டருக்குப் பிறகு ரூ.2.1 லட்சம் மிஞ்சும். ஆகஸ்ட் 22-க்குப் பிறகு ஒவ்வொரு நாள் தாமதத்துக்கும் டீசலும் வாடகையுமாக ஏறக்குறைய ரூ.45,000 ஆகும். மிச்சப் பணம் நான்கு நாள் தாங்கும்.

அமோனியா

குழாய் வெல்டிங் 70 சதவீதம் முடிந்தது. ஜூன் முதல் வார மழையில் மொட்டைமாடிக் கண்டன்சர் வேலை நின்றது, இப்போது தார்ப்பாய் கட்டிச் செய்கிறார்கள். ஜூலை 8-ல் நைட்ரஜன் ஏற்றி அழுத்தச் சோதனை. கசிவு இல்லை என்று உறுதியான பிறகு வெற்றிடமாக்கி, ஜூலை 22-ல் அமோனியா நிரப்பத் திட்டம். உப்புக்கரைசல் குளிர மூன்று நாள், ஒரு பார் உறைய ஏறக்குறைய ஒரு நாள். அதனால் 28-ஆம் தேதியாவது குளிர்விக்கத் தொடங்கவேண்டும்.

சுவாசக் கருவி இரண்டும் சைரனும் வந்துவிட்டன. ஆட்களுக்குப் பயிற்சி இன்னும் நடக்கவில்லை. அமோனியா காற்றைவிட லேசானது என்றாலும், ஈரக்காற்றில் கசிந்தால் வெண்புகையாகத் தரையோடு பரவும். இந்த மாதங்களில் காற்று எப்போதும் ஈரம்தான். தண்ணீரில் அது நன்றாகக் கரையும் என்பதால் கம்ப்ரசர் அறை வாசலில் தண்ணீர்த் தெளிப்பான் வைக்கிறோம். சைரன் கேட்டால் எந்தத் தெரு வழியாக வெளியேறுவது என்பதை ஊர் மக்களிடம் பேசவேண்டும். பங்குப் பேரவையில் கேட்டோம், ஜூலை 13 ஞாயிறு திருப்பலிக்குப் பிறகு பேச இடம் தருகிறார்கள்.

தண்ணீர்

கடலோர ஆழ்குழாய்க் கிணறு உப்பு. உள்ளே தள்ளி இருக்கும் கிணற்றிலிருந்து குழாய் போட்டாகிவிட்டது. மீனுக்குப் போடும் ஐஸ் குடிநீர்த் தரத்தில் இருக்கவேண்டும் என்பதால் மாதிரியைப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறோம். முடிவு ஜூன் 24-ல் வரும்.

மற்றவை

கட்டடமும் தளமும் முடிந்தன. உப்புக்கரைசல் தொட்டியில் 48 மணி நேரம் தண்ணீர் நிரப்பிப் பார்த்ததில் கசிவு இல்லை. ஐஸ் கேன் 820-ல் 600 வந்தது, மீதி ஜூன் 28-ல்.

அடுத்த அறிக்கை ஜூன் 30-ல்.